தெர்மாமீட்டரைப் பார்த்தாயிற்று, குழந்தையைப் பார்த்தீர்களா?

இரவு பதினோரு மணி. ஒன்றரை வயதுக் குழந்தை, எடை 10 கிலோ. அக்குளில் வைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டர் 102.4 காட்டுகிறது. அம்மா மருந்து பாட்டிலைத் தேடுகிறார், பாட்டி ஈரத்துணி நனைக்கிறார், அப்பா வண்டிச் சாவியை எடுத்துவிட்டார். மூவரில் யார் செய்வது சரி என்று கேட்டால், தெர்மாமீட்டரை மட்டும் வைத்துப் பதில் சொல்ல முடியாது.

காய்ச்சல் நோயல்ல, உடம்பு கிருமியோடு சண்டையிடும்போது எழும் சூடு. உடல் வெப்பத்தை இத்தனை டிகிரி என்று நிர்ணயிக்கும் இடம் மூளையில் இருக்கிறது. கிருமி நுழைந்ததும் மூளை அந்த அளவைக் கொஞ்சம் உயர்த்தி வைக்கிறது. அந்த அளவை எட்டும்வரை குழந்தைக்கு உடல் நடுங்கும், கை கால் சில்லிடும். சாதாரண வைரஸ் காய்ச்சலே 103, 104 வரை ஏறலாம். கடுமையான தொற்று 101-இலேயே நிற்கவும் செய்யலாம். எண்ணின் உயரம் ஆபத்தின் உயரத்தைச் சொல்லாது.

அப்படியானால் மருந்து எதற்கு? குழந்தையின் உடல்வலியையும் சிணுங்கலையும் குறைத்து, நாலு வாய் கஞ்சியும் தண்ணீரும் உள்ளே போக வைப்பதற்கு. 101 டிகிரியிலும் பந்தைத் துரத்திக்கொண்டிருக்கும் குழந்தைக்கு மருந்து அவசியமில்லை. தூங்கும் குழந்தையை மருந்துக்காக எழுப்பவும் வேண்டாம். குழந்தை வலியில் அழுகிறது, குடிக்க மறுக்கிறது என்றால் பாராசிட்டமால் கொடுக்கலாம். அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் அது வேலை செய்யத் தொடங்கும். காய்ச்சல் ஒன்றிரண்டு டிகிரி இறங்கினாலே போதும், 98.6-க்கு வந்தாக வேண்டும் என்பதில்லை.

இங்கேதான் பல வீடுகளில் தவறு நடக்கிறது. பாராசிட்டமாலின் அளவு வயதைப் பார்த்து முடிவாவதில்லை, எடையைப் பார்த்து முடிவாகிறது. ஒரு வேளைக்கு, ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். நம் குழந்தைக்கு 10 கிலோ, ஆகவே 125 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். இது எத்தனை மில்லி என்பது கையிலிருக்கும் பாட்டிலைப் பொறுத்தது. 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் 5 மில்லி. 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் இரண்டரை மில்லி. கைக்குழந்தைகளுக்கான டிராப்ஸில் ஒரே மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். அதில் ஒன்றேகால் மில்லிதான்.

"போன தடவை 5 மில்லி கொடுத்தோமே" என்ற நினைவில், சிரப் தீர்ந்துபோன இரவில் டிராப்ஸை 5 மில்லி ஊற்றிக் கொடுத்தால் 500 மில்லிகிராம் போய்விடுகிறது. தேவையைப் போல நான்கு மடங்கு. இதே தவறு அடுத்தடுத்த வேளைகளிலும் தொடர்ந்தால் கல்லீரல் கெடும். கெடத் தொடங்கும் முதல் நாளில் குழந்தை நன்றாக இருப்பதுபோலவே தெரியலாம். அதனால் அளவு கூடிப்போனது தெரிந்த உடனே, அறிகுறிக்குக் காத்திராமல், பாட்டிலோடு மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதற்கு மாற்று மருந்து இருக்கிறது. சீக்கிரம் கொடுத்தால்தான் முழுப் பலன்.

ஆக, ஒவ்வொரு முறையும் லேபிளைப் படியுங்கள். சமையலறை ஸ்பூன் வேண்டாம், மருந்தோடு வரும் அளவு மூடியோ ஊசியில்லாத சிரிஞ்சோ போதும். இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது நான்கு மணி நேரம், முடிந்தால் ஆறு மணி நேரம் இடைவெளி வேண்டும். ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். சளி சிரப் சிலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் அளவு கூடிவிடும். இபுபுரூஃபன், மெஃபனமிக் ஆசிட் போன்றவற்றை மருத்துவர் சொல்லாமல் கொடுக்காதீர்கள். வந்திருப்பது டெங்குவாக இருந்தால் இவை ரத்தக்கசிவை அதிகப்படுத்தும். ஆஸ்பிரின் குழந்தைக்கு ஆகவே ஆகாது.

பாட்டியின் ஈரத்துணிக்கு வருவோம். மருந்து, மூளை உயர்த்தி வைத்த அளவையே இறக்குகிறது. துணி தோலை மட்டும்தான் குளிர்விக்கிறது. ஐஸ் தண்ணீரில் துடைத்தால் குழந்தை நடுங்கும், நடுக்கம் உள்சூட்டை இன்னும் ஏற்றும். துடைத்தே ஆகவேண்டும் என்றால் மருந்து கொடுத்து அரை மணி கழித்து, வெதுவெதுப்பான நீரில் துடையுங்கள். நடுங்கினால் நிறுத்திவிடுங்கள். கம்பளி, ஸ்வெட்டர், மூடிய ஜன்னல் எதுவும் வேண்டாம். மெல்லிய பருத்திச் சட்டை போதும்.

அப்பா சாவியை எடுத்ததற்குக் காரணம் ஜன்னி பயம். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை, சில குழந்தைகளுக்குக் காய்ச்சலோடு வலிப்பு வருவது உண்டு. காய்ச்சல் மருந்து அதைத் தடுத்துவிடும் என்று சொல்ல முடியாது. பார்ப்பதற்குப் பயங்கரமாக இருந்தாலும் பெரும்பாலும் சில நிமிடங்களில் தானே நின்றுவிடும். குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். வாயில் ஸ்பூனோ தண்ணீரோ வேண்டாம், கையில் இரும்பும் வேண்டாம். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நின்ற பிறகும் தெளியாவிட்டாலோ 108-ஐ அழையுங்கள். முதல்முறை வலிப்பு என்றால், நின்றுவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வலிப்பைத் தவிர, உடனே ஓட வேண்டிய அடையாளங்கள் சிலவே. எழுப்பினாலும் விழிக்காமல் துவண்டு கிடப்பது. எதையும் குடிக்க முடியாமல் போவது, குடித்ததையெல்லாம் வாந்தி எடுப்பது. எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது. மூச்சு வாங்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுவது, உதடு நீலம் பாய்வது. கழுத்தை முன்னால் மடக்க முடியாத விறைப்பு. கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தினாலும் மறையாத சிவப்பு, ஊதாப் புள்ளிகள். மூச்சு வேகமா என்று சந்தேகம் வந்தால், குழந்தை அழாமல் இருக்கும்போது வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். ஒன்று முதல் ஐந்து வயதில் 40-ஐத் தொட்டால் அது வேகமான மூச்சு; தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மூன்று மாதம் நிறையாத சிசு என்றால் இந்தப் பட்டியலே தேவையில்லை. காய்ச்சல் இருந்தாலே மருத்துவமனை.

அன்றிரவு நம் குழந்தையிடம் இவற்றில் எதுவும் இல்லை. சிணுங்கியது, மருந்து கொடுத்ததும் பால் குடித்துத் தூங்கியது. சாவி ஆணிக்குத் திரும்பியது. ஒரு தாளில் மருந்து கொடுத்த நேரம், அளவு, சிறுநீர் போன நேரம் மூன்றையும் அம்மா எழுதிவந்தார். மூன்றாம் நாளும் காய்ச்சல் நிற்காததால் மருத்துவரிடம் காட்டினார்கள், ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள்.

நான்காம் நாள் காலை தெர்மாமீட்டர் 98.8 காட்டியது. "விட்டுப்போச்சு" என்று பாட்டி திருஷ்டி கழிக்க மிளகாய் எடுத்தார். ஆனால் குழந்தை அம்மா மடியைவிட்டு இறங்கவில்லை. விடிந்ததிலிருந்து மூன்று முறை வாந்தி. வயிற்றைத் தொட்டால் அழுதது. பாதம் ஜில்லென்று இருந்தது. டெங்குவில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும்போதுதான் தொடங்குகிறது. ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வெளியேறுவதால் ரத்த ஓட்டம் தளர்கிறது. சூடு தணிந்த குழந்தை கீழே இறங்கி விளையாட வேண்டும். சோர்ந்து சுருண்டால், வாந்தி நிற்காவிட்டால், ஈறிலோ மூக்கிலோ ரத்தம் தெரிந்தால், அது குணமாவதன் அடையாளம் அல்ல.

இப்போது அப்பா சாவியை எடுத்தது சரி. அம்மா கையில் அந்தத் தாள் இருந்தது. கடைசியாக எப்போது சிறுநீர் போனது என்று டியூட்டி டாக்டர் கேட்டபோது, நேற்றிரவு எட்டரை மணி என்று யோசிக்காமல் சொல்ல முடிந்தது.