கேடயத்தின் நடு எது?

தமிழ்ப்பள்ளிச் சின்னம் என்றால் பெரும்பாலும் கேடயம்தான்: மேலே தட்டையான விளிம்பு, கீழே கூர்முனை, அதையொட்டி பள்ளியின் பெயரோ முழக்க வரியோ எழுதிய நாடா. மலாக்காவில் அலோர் காஜா, ஜாசின், மெர்லிமாவ் என எந்த வட்டாரத்துப் பள்ளியாக இருந்தாலும், இந்த வடிவத்தைப் புலனக் குழுவின் படமாகவோ முகநூல் பக்கத்தின் முகப்பாகவோ ஏற்றினால் ஒரே சிக்கல்தான் வரும். கேடயத்தின் மேல் மூலைகள் இரண்டும் மழுங்கிப் போகும். நாடாவின் இரு முனைகளிலும் எழுத்துகள் காணாமல் போகும்.

நாம் ஏற்றுவது சதுரப் படம். செயலி அதன்மேல் வட்டத் திரை ஒன்றைப் போட்டுக் காட்டுகிறது. சதுரத்தின் பரப்பில் ஏறக்குறைய 78.5 விழுக்காடுதான் வட்டத்துக்குள் விழும், மிச்சம் 21.5 விழுக்காடு நான்கு மூலைகளிலும் மறைந்துவிடும். மறைகிறதே தவிர அழிவதில்லை. புலனத்தில் படத்தைத் தட்டித் திறந்தால் முழுச் சதுரமும் வந்து நிற்கும். அதனால் மூலைகளை வெறுமையாக விடாமல் பின்னணி நிறத்தால் நிரப்பிவிட வேண்டும். பின்னணியே இல்லாத படத்தை அப்படியே ஏற்றினால், அந்த இடத்தைச் செயலி தானாகவே கறுப்பாகவோ வெள்ளையாகவோ ஆக்கிவிடலாம்.

வட்டத்தின் விளிம்புவரை சின்னத்தை இழுத்து வைப்பதும் சரியில்லை. இணையத் தரங்களை வகுக்கும் W3C அமைப்பு, செயலிச் சின்னங்களுக்கு ஓர் அளவு சொல்கிறது: படத்தின் அகலத்தில் 80 விழுக்காடு விட்டமுள்ள வட்டத்துக்குள் முக்கியமானவை எல்லாம் அடங்க வேண்டும். முகப்புப் படத்துக்கும் அதையே எடுத்துக்கொள்ளலாம். 1080 புள்ளி அகலமுள்ள சதுரத்தில் இந்தக் காப்பு வட்டத்தின் விட்டம் 864, ஆரம் 432.

இனி அளந்து பார்ப்போம். 600 புள்ளி அகலமும் 720 புள்ளி உயரமும் கொண்ட கேடயம் ஒன்று. நாடாவைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுவோம். வடிவமைப்புச் செயலியில் 'நடுவில் வை' என்று அழுத்தினால், அது கேடயத்தைச் சுற்றிய செவ்வகத்தின் நடுவை எடுத்துக்கொள்ளும். அப்போது மேல் மூலைகள் மையத்திலிருந்து 469 புள்ளி தொலைவில் விழும். காப்பு வட்டத்தைத் தாண்டிவிட்டது. கேடயம் பெரிது போலிருக்கிறது என்று உடனே சுருக்குவார்கள்.

சுருக்கத் தேவையே இல்லை. கேடயத்தில் வட்டத்தை முட்டக்கூடியவை மூன்றே புள்ளிகள்: மேல் மூலைகள் இரண்டு, கீழ் முனை ஒன்று. கீழ் முனைக்கு இரு பக்கமும் வெறும் இடம். செவ்வகமோ அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. அந்த மூன்று புள்ளிகள் வழியாக வட்டம் வரைந்தால் அதன் ஆரம் 423தான். மையம் மேல் விளிம்பிலிருந்து 297.5 புள்ளி கீழே இருக்கும். செவ்வகத்தின் நடுவோ 360இல். ஆகவே கேடயத்தை ஏறக்குறைய 62 புள்ளி கீழே இறக்கினால் போதும், அதே அளவில் அது அடங்கிவிடும். கேடயத்தின் கனமெல்லாம் மேல்பாதியில் இருப்பதால், இறக்கி வைத்ததுதான் கண்ணுக்கும் நடுவாகத் தெரியும்.

இதற்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. 1080 சதுரத்தின் நடுவில் 864 விட்டத்தில் மெல்லிய வட்டக்கோடு ஒன்றை வரையுங்கள். கேடயத்தை மேலும் கீழும் நகர்த்தி, மூன்று முனைகளுக்கும் கோட்டுக்கும் இடையே ஒரே அளவு இடைவெளி வரச் செய்யுங்கள். பிறகு கோட்டை அழித்துவிடலாம்.

பழைய கடிதத்தாளிலிருந்து வருடியெடுத்து, பின்னணியை நீக்கிய சின்னம் என்றால் இன்னொரு வில்லங்கம் உண்டு. கண்ணுக்குத் தெரியாத தூசுப் புள்ளிகள் ஓரத்தில் ஒட்டியிருக்கும். செயலி அவற்றையும் சின்னத்தோடு சேர்த்து அளக்கும். தேர்வுச் சட்டகம் சின்னத்தை ஒட்டாமல் ஒரு பக்கம் மட்டும் தள்ளி நின்றால் காரணம் பெரும்பாலும் அதுதான். பின்னால் அடர்ந்த நிறத்தை வைத்துப் பார்த்தால் தூசு வெளிப்படும். அழித்துவிட்டுச் சட்டகத்தை இறுக வெட்டுங்கள்.

இப்போது நாடாவுக்கு வருவோம். 700 புள்ளி அகல நாடாவின் அடி விளிம்பு கேடயத்தின் முனைக்கு 40 புள்ளி கீழே இருந்தால், மொத்தத்தையும் அடக்கும் வட்டத்தின் விட்டம் 1002 ஆகிவிடும். காப்பு வட்டத்துக்குள் கொண்டுவர எல்லாவற்றையும் 86 விழுக்காட்டுக்குச் சுருக்க வேண்டும். 40 புள்ளி உயர எழுத்து 34 ஆகும். உரையாடல் பட்டியலில் இந்தப் படம் 150 புள்ளி அகலத்தில் தெரிகிறது என்று வைத்துக்கொண்டால், எழுத்தின் உயரம் ஐந்து புள்ளிகூட இல்லை. அதில் ஒற்றுப்புள்ளி எது, சுழி எது என்று யாருக்கும் தெரியாது. படிக்க முடியாத ஒரு வரிக்காகக் கேடயத்தையும் ஏன் சிறிதாக்க வேண்டும்? முகப்புப் படத்தில் நாடாவை எடுத்துவிடுவதே என் கட்சி. பள்ளியின் பெயர் படத்துக்குப் பக்கத்திலேயே எழுத்தில் வருகிறது. நாடா கடிதத்தாளிலும் பதாகையிலும் இருந்துகொள்ளட்டும்.