அழிக்கச் சொல்வதற்கு முன்னால்

மதுரையில் ஒரு பள்ளி ஆசிரியை. அண்ணன் கல்யாணத்தில் பட்டுப்புடவை கட்டி எடுத்துக்கொண்ட படம் அவருடையது. சில மாதங்கள் கழித்து, இரவு பத்து மணிக்குத் தோழி ஒரு லிங்க் அனுப்புகிறாள்: "ஏய், இது நீதானேடி?" முகம் அவருடையது, நெற்றிச்சுட்டி அவருடையது, பின்னால் தெரிகிற மண்டபத்து வாழைமரம்கூட அதேதான். புடவை மட்டும் இல்லை. அந்த இடத்தில் யாரோ ஒரு செயலியைக் கொண்டு நீச்சலுடையை வரைந்திருக்கிறார்கள். இப்படி ஒருவருக்கு நடந்ததாக வைத்துக்கொண்டு, அவர் என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

அந்த நேரத்தில் யாருக்கும் முதலில் தோன்றுவது, போட்டவனுக்கே செய்தி அனுப்பி "உடனே எடுத்துடு" என்று சொல்வதுதான். அதைத்தான் செய்யக் கூடாது. அவன் பயந்து அழித்துவிட்டால் படத்தோடு சாட்சியமும் போய்விடும். இன்னொரு கணக்கைத் திறந்து அவன் மறுபடி போடும்போது, முதலில் போட்டதும் அவன்தான் என்று காட்ட நம்மிடம் ஒன்றும் இருக்காது. அழிக்கச் சொல்வதற்கு முன்னால் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

வெறும் ஸ்கிரீன்ஷாட் போதாது. செல்போன் செயலியில் எடுக்கும் ஸ்கிரீன்ஷாட்டில் பெரும்பாலும் அந்தப் பதிவின் முகவரி தெரியாது. பகிர்வதற்கான பட்டனை அழுத்தி, லிங்க்கைக் காப்பி செய்து தனியாக ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். போட்டவரின் பக்கத்து முகவரியும் வேண்டும். திரையில் தெரிகிற பெயரை அவர் ஒரு நொடியில் மாற்றிவிடலாம் என்பதால் அதை மட்டும் நம்ப முடியாது. பிறகு ஸ்கிரீன் ரெக்கார்டிங்கை ஓடவிட்டு, அவருடைய பக்கத்தில் தொடங்கி, அந்தப் பதிவைத் திறந்து, தேதி, கமெண்ட் எல்லாம் தெரிய ஒரு முறை மெதுவாக நகர்த்தினால் போதும். இதைப் பதிவு செய்த போனை விற்கவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். மின்னணு ஆதாரத்தைக் கோர்ட்டில் தாக்கல் செய்ய, பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழ் தர வேண்டும். அதில் அந்தக் கருவியின் விவரம் கேட்பார்கள்.

இவ்வளவு முக்கியமான இன்னொன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அது மாற்றப்படாத மூலப்படம். பட்டுப்புடவைப் படத்தையும் போலிப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இது ஒட்டுவேலை என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அதைவிட, அந்த மூலப்படம் யார் யாரிடம் இருந்தது என்ற கேள்வி விசாரணைக்கு வழி திறக்கும். பொதுவில் போட்ட படம் என்றால் யார் வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம். குடும்ப வாட்ஸப் குழுவில் மட்டும் பகிர்ந்த படம் என்றால், சந்தேகப்பட வேண்டிய வட்டம் சட்டென்று சுருங்கிவிடும். மனதுக்குக் கஷ்டமான விஷயம்தான், ஆனால் போலீஸிடம் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

அடுத்தது புகார். "முழு நிர்வாணம் இல்லையே, நீச்சலுடைதானே, இதற்கெல்லாம் நடவடிக்கை எடுப்பார்களா?" என்று ஆசிரியை தயங்கலாம். தயங்க வேண்டாம். 2021-இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள், ஒருவரை அரைகுறை நிர்வாணமாகக் காட்டும் படத்தையும் செயற்கையாக மார்ஃபிங் செய்த படத்தையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றன. சம்பந்தப்பட்டவரோ அவர் சார்பில் வேறொருவரோ புகார் கொடுத்தால், 24 மணி நேரத்துக்குள் நீக்க நிறுவனம் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றிருந்தது. 2026 பிப்ரவரியில் வந்த திருத்தம் அதை 2 மணி நேரமாகக் குறைத்துவிட்டது.

புகாரை எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. செயலியில் "ரிப்போர்ட்" அழுத்தும்போது 'எனக்குப் பிடிக்கவில்லை' என்பது போன்ற பொதுவான காரணத்தைத் தேர்ந்தெடுத்தால் வேகம் இருக்காது. அனுமதியில்லாத அந்தரங்கப் படம் என்ற வகையைத் தேடி அழுத்த வேண்டும். அதோடு நிற்காமல், அந்த நிறுவனத்தின் இந்தியக் குறைதீர்ப்பு அதிகாரிக்கு ஒரு மின்னஞ்சலும் அனுப்ப வேண்டும். பெரிய சமூக ஊடகங்கள் எல்லாம் அப்படி ஒருவரை நியமித்து, முகவரியைத் தங்கள் தளத்தில் போட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். கடிதம் நீளமாக வேண்டாம்: "இந்த லிங்க்கில் உள்ள படத்தில் இருப்பது என் முகம். என் அனுமதி இல்லாமல் உடையை மாற்றி வெளியிட்டிருக்கிறார்கள். மூலப்படத்தை இணைத்திருக்கிறேன். 2021 விதி 3(2)(b)-இன்படி உடனே நீக்கவும். கணக்கின் விவரங்களை விசாரணைக்காகப் பாதுகாத்து வைக்கவும்." கடைசி வரி அவசியம். நிறுவனத்தின் பதில் திருப்தி இல்லையென்றால், அது வந்த 30 நாட்களுக்குள் gac.gov.in என்ற தளத்தில் மத்திய அரசின் மேல்முறையீட்டுக் குழுவிடம் போகலாம்.

நிறுவனம் படத்தை நீக்கும், ஆளைப் பிடிக்காது. அதற்கு போலீஸ். cybercrime.gov.in தளத்தில் பெண்கள், குழந்தைகள் மீதான குற்றங்களுக்குத் தனிப் பகுதி உண்டு. அங்கே பெயர் சொல்லாமலும் புகார் தரலாம் என்றாலும், ஆளைக் கண்டுபிடித்து வழக்கு நடக்க வேண்டுமென்றால் பெயரோடு தருவதுதான் நல்லது. நேரில் போவதானால் எந்த ஸ்டேஷனிலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். பதியலாம். "இது எங்க எல்லை இல்லம்மா" என்று திருப்பி அனுப்ப முடியாது. நம் ஊரில் சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் கொடுத்து அனுப்புவது வழக்கம். அது எஃப்.ஐ.ஆர். ஆகாது. பதிய மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் புகார் அனுப்பலாம், அதன்பிறகு மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

எந்தப் பிரிவு என்பது போலீஸ் முடிவு செய்ய வேண்டியது. ஆனாலும் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. அந்தரங்க உறுப்பைப் படமெடுப்பதைத் தண்டிக்கும் 66இ பிரிவை மட்டும் போட்டால், 'உடல் அவருடையதே இல்லையே' என்று எதிர்த்தரப்பு வாதாட இடம் கிடைக்கும். ஆபாசத்தை மின்வழியில் வெளியிடுவதற்கான தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67, பெண்ணின் மானத்தை அவமதிப்பதற்கான பாரதிய நியாய சன்ஹிதாவின் 79, ஒருவர் பெயரைக் கெடுக்கப் போலி ஆவணம் செய்வதற்கான 336(4) ஆகியவற்றையும் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். பணம் கேட்டு மிரட்டினால் 308-உம் வரும். மிரட்டலுக்குப் பணம் கொடுக்கவே கூடாது. ஒரு தடவை கொடுத்தால் அடுத்த தொகை கேட்டு வருவார்கள்.

ஸ்டேஷனில் பெண் அதிகாரி வேண்டும் என்றும், பெயர் வெளியே போகக் கூடாது என்றும் எழுத்தில் கேளுங்கள். 2025-இல் ஒரு பெண் வழக்கறிஞரின் அந்தரங்கப் படங்கள் பரவிய வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், அவற்றை 48 மணி நேரத்துக்குள் நீக்க மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. அந்தப் பெண்ணின் பெயர் எங்கும் வராமல் காப்பதிலும் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் கண்டிப்பாக இருந்தார்.

ஒரு தளத்தில் எடுத்த படம் இன்னொன்றில் முளைக்கலாம். அதற்கு StopNCII.org உதவும். பதினெட்டு வயது நிறைந்தவர்களுக்கான இலவசச் சேவை இது, போலிப் படங்களையும் ஏற்கும். படத்தை நாம் அவர்களுக்கு அனுப்புவதில்லை. நம் போனிலேயே படத்திலிருந்து ஒரு எண்வரிசை உருவாகும், அது மட்டும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக், ரெடிட் போன்ற தளங்களுக்குப் போகும். அதே படத்தை அங்கே யாராவது ஏற்றினால் அந்த எண்ணை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்கள். படத்தைப் பெரிதாக வெட்டி மாற்றியிருந்தாலோ, இதில் சேராத தளத்தில் போட்டாலோ இது பலிக்காது. கூகுள் தேடலில் வந்தால் அங்கேயும் தனி விண்ணப்பம் உண்டு. அது தேடல் முடிவிலிருந்துதான் எடுக்கும், மூலத் தளத்திலிருந்து அல்ல.

படத்தில் இருப்பவர் பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் வழியே வேறு. அந்தப் படத்தைச் சேமிப்பதும், ஆதாரம் என்று சொந்தக்காரர்களுக்கு அனுப்புவதும் போக்ஸோ சட்டத்தில் நம்மையே சிக்கவைக்கலாம். லிங்க்கையும் கணக்கின் பெயரையும் மட்டும் குறித்துக்கொண்டு, உடனே 1098-க்கோ போலீஸுக்கோ சொல்லிவிட வேண்டும்.