பதினான்காவது வாரம்

2023 டிசம்பரில் முடிந்த காலாண்டில் ஆப்பிள் நிறுவனத்தின் வருவாய் 119.6 பில்லியன் டாலர். முந்தைய ஆண்டு இதே காலாண்டில் 117.2 பில்லியன். வளர்ச்சி வெறும் 2 சதவீதம்தானா? முந்தைய காலாண்டில் 14 வாரங்கள் இருந்தன, இதில் 13தான். வாரத்துக்கு எவ்வளவு என்று வகுத்தால் 8.4 பில்லியன் 9.2 ஆகியிருக்கிறது. அதாவது ஏறத்தாழ 10 சதவீத வளர்ச்சி.

ஆப்பிளின் நிதியாண்டு செப்டம்பர் மாதத்தின் கடைசி சனிக்கிழமையன்று முடிகிறது. எல்லாக் காலாண்டிலும் சனி, ஞாயிறுகள் சம அளவில் இருந்தால் விற்பனையை ஒப்பிடுவது எளிது. ஆனால் 52 வாரம் என்பது 364 நாள்தான். ஆண்டுதோறும் மிஞ்சும் ஓரிரு நாட்கள் சேர்ந்து, ஐந்தாறு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு முழு வாரமாகிவிடும். அந்த வாரம் 2022 கடைசிக் காலாண்டில் சேர்ந்தது. அது செப்டம்பர் 25 அன்று தொடங்கி டிசம்பர் 31 அன்று முடிந்தது.

இப்படிப்பட்ட ஒரு நிறுவனத்தில், தினசரி விற்பனையைக் காலாண்டு வாரியாகக் கூட்ட ஒருவர் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்:

```
DATE_TRUNC('quarter', sale_date)
```

கணினிக்குக் காலாண்டு என்றால் அக்டோபர் 1 முதல் டிசம்பர் 31 வரை. 2022இல் செப்டம்பர் 25 முதல் 30 வரையிலான ஆறு நாள் விற்பனை முந்தைய காலாண்டுக்குப் போய்விடும். 2023இல், அடுத்த காலாண்டைச் சேர்ந்த டிசம்பர் 31 உள்ளே வந்துவிடும். கூட்டலில் பிழையே இல்லை. ஆனாலும் கணக்குப் பிரிவின் தொகையோடு இரண்டு ஆண்டும் ஒத்துப்போகாது.

வார எண்ணிலும் இதே சிக்கல் உண்டு. சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ முறையில் வாரம் திங்களன்று தொடங்கும். ஆண்டின் முதல் வியாழன் எந்த வாரத்தில் வருகிறதோ அதுவே முதல் வாரம். அதனால் 2025 டிசம்பர் 29, 2026ஆம் ஆண்டின் முதல் வாரத்தில் சேரும். போஸ்ட்கிரெஸ் தரவுதளத்தில் `IYYY-IW` என்று கேட்டால் `2026-01` என்று சரியாக வரும். பழக்கத்தில் `YYYY-IW` என்று எழுதிவிட்டால் `2025-01` வரும். டிசம்பர் விற்பனை பன்னிரண்டு மாதம் பின்னே போய் ஜனவரியில் உட்கார்ந்துகொள்ளும்.

மாதக் கடைசியில் கடிகாரமும் குறுக்கே வரும். பல சர்வர்கள் நேரத்தை யுடிசி கணக்கில் பதிவு செய்கின்றன. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னே ஓடுகிறது. ஏப்ரல் 1 அதிகாலை நான்கு மணிக்கு வந்த ஆர்டர் சர்வரில் மார்ச் 31 இரவு 10.30 என்று பதிவாகும். இந்தியாவில் அது வேறு நிதியாண்டு.

வித்தியாசம் எங்கே என்று கண்டுபிடிக்க, இரு தரப்புத் தொகைகளையும் நாள்வாரியாகப் பிரித்து அருகருகே வைக்கலாம். நடுநாட்கள் பொருந்தி, இரு ஓரங்களில் மட்டும் இடித்தால் கோளாறு காலண்டரில்தான். அதற்குப் பல நிறுவனங்கள் ஒவ்வொரு தேதிக்கும் நிதியாண்டு, காலாண்டு, வார எண் எழுதிய ஒரு பட்டியலைத் தரவுதளத்தில் வைத்துக்கொள்கின்றன. ரிப்போர்ட்டுகள் தாமாகத் தேதியைக் கணக்கிடாமல் அதைப் பார்த்தே கூட்டுகின்றன. 53ஆவது வாரம் எந்த ஆண்டில் வரும் என்பதைக் கணக்குப் பிரிவே அதில் முன்கூட்டிக் குறித்துவிடலாம்.