நழுவும் மூடிக்கு எவ்வளவு இடைவெளி விடுவது?

பக்கவாட்டில் இழுத்துத் திறக்கும் மூடி போட்ட சிறு பெட்டியைப் பலரும் பார்த்திருப்பீர்கள். சதுரங்கக் காய்கள் வைக்கும் மரப்பெட்டிகள் சில அப்படி இருக்கும். இரு பக்கச் சுவரிலும் காடி ஓடும், மூடியின் விளிம்பு அந்தக் காடிக்குள் நழுவும். கீலும் தேவையில்லை, திருகும் தேவையில்லை.

முப்பரிமாண அச்சில் இதைச் செய்வது எளிது என்றுதான் தோன்றும். ஆனால் 43 மி.மீ. அகலக் காடிக்கு அதே 43 மி.மீ. அகலத்தில் மூடி வரைந்து அச்சிட்டால், மூடி உள்ளே நுழையாது. வீட்டு அச்சு இயந்திரம் உருகிய பிளாஸ்டிக்கைப் பெரும்பாலும் 0.4 மி.மீ. துளை வழியே பிழிந்து, அடுக்கடுக்காக அழுத்திப் போகிறது. அழுத்தும்போது விளிம்பு, நாம் வரைந்த கோட்டைத் தாண்டிச் சற்றே பிதுங்கும். அந்தப் பிதுக்கத்துக்கு நாம்தான் இடம் விட வேண்டும். எவ்வளவு விடுவது, எங்கே விடுவது என்பதில்தான் பெட்டியின் வெற்றி இருக்கிறது.

இதற்கு OpenSCAD என்ற இலவச மென்பொருள் நன்றாகப் பொருந்தும். இதில் சுட்டியால் இழுத்து வரைவதில்லை, வடிவத்தைச் சொற்களாலும் எண்களாலும் எழுதுகிறோம். நீளம், அகலம், சுவர்க் கனம் எல்லாவற்றுக்கும் பெயர் வைத்து ஒரு `module` எழுதிவிட்டால், பிறகு எண்ணை மாற்றினால் போதும், புதுப் பெட்டி வந்துவிடும். இடைவெளியும் அப்படி ஒரு எண்தான்.

ஊசி, பட்டன் போட்டு வைக்க ஒரு பெட்டி செய்வதாக வைத்துக்கொள்வோம். உள்ளளவு 60 × 40 × 15 மி.மீ. சுவரும் மூடியும் 3 மி.மீ. கனம். மூடியின் குறுக்குவெட்டு, அடியில் அகன்று மேலே குறுகிய சரிவகம். அப்போதுதான் மூடி மேலே கழன்று வராது. சரிவை 45 பாகையாக வைக்கிறோம், காரணம் அந்தச் சாய்வு வரைக்கும் முட்டுக் கொடுக்காமலே அச்சாகிவிடும்.

காடியும் மூடியும் ஒரே வடிவம் என்பதால் அந்த வடிவத்தை ஒரு முறை எழுதினால் போதும்.

```
module bar(len, w, h, e=0.01) {
  s = (w + h)/2;
  rotate([90,0,90]) linear_extrude(len)
    polygon([[-s+e,0],[s-e,0],[s-e,e],
             [s-h,h],[-s+h,h],[-s+e,e]]);
}
```

சரிவகத்தைத் தட்டையாக வரைந்து, நீளவாக்கில் இழுத்து, படுக்க வைக்கிறோம், அவ்வளவுதான். `e` என்பது அடி விளிம்பின் கூர்முனையை நறுக்கும் அளவு. அதன் வேலை மூடி அச்சாகும்போது தெரியும்.

அடுத்தது பெட்டி. ஒரு திடக் கட்டையிலிருந்து உள்ளறையையும் காடியையும் கழிக்கிறோம்.

```
module box(L, W, H, t, k) {
  assert(t - k/2 >= 0.8);
  difference() {
    translate([0, -W/2-t, 0])
      cube([L+2*t, W+2*t, t+H+k]);
    translate([t, -W/2, t]) cube([L, W, H+0.01]);
    translate([t, 0, t+H]) bar(L+t+1, W, k+0.01);
  }
}
```

கழிக்கும் வடிவம் கட்டையின் மேற்பரப்போடு சரியாக ஒட்டி நின்றால், அங்கே பொருள் இருக்கிறதா இல்லையா என்று மென்பொருள் குழம்பும், திரையில் அந்தப் பரப்பு மினுக்கும். அந்த 0.01 அதைத் தவிர்க்கத்தான். காடி முன்சுவரையும் வெட்டிக்கொண்டு 1 மி.மீ. வெளியே போகிறது, மூடி நுழையும் வழி அதுதான். `assert` வரி ஒரு காவல். காடி பக்கச் சுவருக்குள் `k/2` ஆழம் குடைகிறது. மீதிச் சுவர் 0.8 மி.மீ.க்குக் கீழே போனால் துளையின் இரண்டு கோட்டு அகலம்கூட அங்கே இருக்காது. அப்படி ஒரு அளவை யாராவது கொடுத்தால் நிரல் அங்கேயே நின்றுவிடும்.

இனி மூடி. இடைவெளி `c` இங்கே மட்டும்தான் வருகிறது. பெட்டியிலும் பாதி, மூடியிலும் பாதி என்று பிரித்து எழுதுபவர்கள் உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை. பொருத்தம் தவறினால் மூடியை மட்டும் திரும்ப அச்சிட்டால் போதும் என்ற நிலைதான் நல்லது.

```
module lid(L, W, t, k, c) {
  g = c*sqrt(2);
  bar(L+t-c, W-2*g, k, 0.4);
}
```

`sqrt(2)` ஏன்? இரு பரப்புகளும் 45 பாகையில் சாய்ந்திருக்கின்றன. மூடியை ஒவ்வொரு பக்கமும் கிடைமட்டமாக 0.2 மி.மீ. குறைத்தால், சரிவுக்குச் செங்குத்தாக அளக்கும் உண்மையான இடைவெளி 0.14 மட்டுமே. பிளாஸ்டிக் உரசுவது அந்தச் செங்குத்துத் திசையில். ஆகவே 0.2 உண்மையாகவே கிடைக்க, கிடைமட்டமாக 0.28 குறைக்க வேண்டும். இந்தக் கணக்கை விட்டுவிடுவதால்தான், நேர்ச்சுவர்ப் பெட்டிக்குச் சரியாக இருந்த அதே எண் சரிவு மூடியில் இறுக்கிப் பிடிக்கிறது. நம் மூடியின் அடியகலம், முனை நறுக்குவதற்கு முன், 43 கழித்தல் 0.57, அதாவது 42.43 மி.மீ.

அடுத்து அந்த 0.4 நறுக்கு. மூடியை அகன்ற பக்கம் கீழே இருக்கும்படி அச்சிடுகிறோம். முதல் அடுக்கு தட்டோடு நசுங்கி வெளியே விரியும். அது விரியும் இடமோ, காடியின் மூலையில் போய் உட்கார வேண்டிய கூர்விளிம்பு. எவ்வளவு இடைவெளி விட்டும் மூடி நுழைவாயிலிலேயே தடுத்தால், அதன் அடி விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். மெல்லிய உதடுபோல ஏதாவது தட்டுப்பட்டால் கோளாறு முதல் அடுக்கில்தான், `c`-யைக் கூட்டிப் பயனில்லை. முனையை நறுக்கிவிட்டதால் அந்த விரிவுக்கு இப்போது இடம் இருக்கிறது.

சரியான `c` எது? 0.2 அல்லது 0.25-இல் தொடங்கலாம், முடிவை உங்கள் இயந்திரம்தான் சொல்ல வேண்டும். அதற்காக முழுப் பெட்டியை அச்சிட்டுப் பார்க்க வேண்டாம். அதே அகலத்தில் ஒரு குட்டைத் துண்டும் நான்கு மூடிகளும் போதும்.

```
box(20, 40, 3, 3, 3);
for (i = [1:4])
  translate([i*30, 0, 0]) lid(20, 40, 3, 3, i*0.1);
```

`F6` அழுத்தி முழுக் கணக்கை முடித்து, STL கோப்பாக எடுத்து அச்சிடுங்கள். மூடிகள் 0.1, 0.2, 0.3, 0.4 என்ற வரிசையில் இருக்கும். தட்டிலிருந்து எடுக்கும்போதே பேனாவால் எண்ணைக் குறித்துவிடுங்கள், கலந்துவிட்டால் கண்ணால் பிரித்தறிய முடியாது. ஒற்றை விரலால் தள்ளினால் நகர்ந்து, பெட்டியைச் சாய்த்தால் தானாக விழாமல் நிற்பது எதுவோ, அதுவே உங்கள் எண். கையில் ஆட்டினால் சத்தம் வந்தால் இடைவெளி அதிகம்.

பெட்டியை நிமிர்த்தியும் மூடியைத் தட்டில் படுக்க வைத்தும் அச்சிடுங்கள். அப்போது சரிவில் விழும் அடுக்குப் படிகள் மூடி ஓடும் திசையிலேயே நீளமாக ஓடும், ஒன்றையொன்று குறுக்கே உரசாது. பெட்டியை முன்சுவரோ பின்சுவரோ கீழே இருக்கும்படி நிறுத்தி அச்சிட்டால் இந்த வசதி போய்விடும்.

சோதனைத் துண்டுக்கும் எல்லை உண்டு. 20 மி.மீ. நீளத்தில் நழுவிய மூடி, 150 மி.மீ. பெட்டியில் நடுவழியில் இறுகலாம். நீண்ட சுவர் ஆறும்போது உள்நோக்கி வளையும் என்பதுதான் காரணம். முனைகளில் லேசாகவும் நடுவில் இறுக்கமாகவும் இருந்தால், வெளிப்புறத்தில் ஒரு நேர் அளவுகோலை வைத்துப் பாருங்கள், வளைவு தெரிந்துவிடும். அப்போது சுவர்க் கனம் `t`-யைக் கூட்டுவதுதான் முறை. இடைவெளியைக் கூட்டினால் நடு சரியாகும், முனைகள் ஆடத் தொடங்கும்.

பிளாஸ்டிக் வகை மாறினாலும், துளையை மாற்றினாலும் பழைய `c` செல்லாது. இழைச் சுருள் ஒவ்வொன்றின் மேலும் அதற்குரிய எண்ணை எழுதி ஒட்டி வையுங்கள்.