பத்து மணி நேர வேலையும் மூன்று கொள்கைகளும்

"தாராளவாதம், சோசலிசம், பழமைவாதம் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு விளக்குக." அரசியல் அறிவியல் படிக்கிறவர்களுக்குப் பழகிப்போன கேள்வி இது. விடைத்தாளில் வழக்கமாக என்ன நடக்கிறது? முதல் பக்கத்தில் தாராளவாதம்: ஜான் லாக், தனிமனித உரிமை. இரண்டாம் பக்கத்தில் சோசலிசம்: மார்க்ஸ், வர்க்கம், பொதுவுடைமை. மூன்றாம் பக்கத்தில் பழமைவாதம்: எட்மண்ட் பர்க், மரபு. எழுதியதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் மூன்றும் எந்த இடத்தில் மோதுகின்றன, எந்த இடத்தில் கைகோக்கின்றன என்ற கேள்வியை அந்த மாணவர் தொடவே இல்லை. கேட்டது ஒப்பீடு, கிடைத்தது மூன்று தனிக் குறிப்புகள்.

மூன்று கொள்கைகளையும் ஒரே பிரச்சினையின் முன் நிறுத்திக் கேள்வி கேட்டால்தான் ஒப்பீடு பிறக்கும். அதற்கு நல்லதொரு சம்பவம் 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இருக்கிறது.

பஞ்சாலைகளில் பெண்களும் சிறுவர்களும் விடியலிலிருந்து இருட்டும் வரை நின்றபடி வேலை செய்த காலம் அது. 1833ஆம் ஆண்டுச் சட்டம் குழந்தைகளின் வேலை நேரத்துக்கு வரம்பு கட்டியது. 1844இல் பெண்களுக்கு நாளொன்றுக்கு 12 மணி நேரம் என்ற வரம்பு வந்தது. அதைப் பத்தாகக் குறைக்கக் கோரி நீண்ட போராட்டம் நடந்தது. கடைசியில் 1847இல், பெண்களுக்கும் 13 முதல் 18 வயது வரையிலான இளையோருக்கும் பத்து மணி நேரம் என்று சட்டம் இயற்றப்பட்டது. வளர்ந்த ஆண்களைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. ஆனாலும் பெண்களும் சிறுவர்களும் வெளியேறிய பிறகு ஆலையை ஓட்டுவது கடினம், ஆண்களின் நேரமும் தானாகக் குறையும் என்று இரு தரப்புமே கணக்குப் போட்டன. சண்டை அவ்வளவு கடுமையாக இருந்ததற்குக் காரணம் அதுதான்.

பாடநூலை மேலோட்டமாகப் படித்தவர், தொழிலாளிக்காகப் பேசியவர்கள் சோசலிஸ்டுகள், எதிர்த்தவர்கள் பழமைவாதிகள் என்று எழுதிவிடுவார். நடந்தது வேறு. நாடாளுமன்றத்தில் பத்து மணி நேரத்துக்காகப் பல ஆண்டுகள் வாதாடிய ஆஷ்லி பிரபு பழமைவாதி. வெளியே கூட்டம் கூட்டமாகப் பேசி மக்களைத் திரட்டிய ரிச்சர்ட் ஓஸ்லரும் பழமைவாதி. கடுமையாக எதிர்த்தவர்களில் முன்னணியில் நின்ற ஜான் பிரைட், தாராளவாதியும் பஞ்சாலை முதலாளியும் ஆவார்.

பிரைட்டின் தரப்பை நியாயமாகப் புரிந்துகொள்ள வேண்டும். மனிதன் தன் நலனைத் தானே அறிந்தவன் என்பது அன்றைய தாராளவாதத்தின் அடிப்படை. தன் உழைப்பை எத்தனை மணி நேரத்துக்கு, என்ன கூலிக்கு விற்பது என்பது அவனுடைய முடிவு. அதில் அரசு குறுக்கிட்டால் அவனுடைய சுதந்திரம் பறிபோகிறது. குழந்தைக்குத் தன் நலன் தெரியாது என்பதால் 1833ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பல தாராளவாதிகளால் ஏற்க முடிந்தது. வளர்ந்தவர்களின் ஒப்பந்தத்தைத் தொடும்போது அவர்கள் கோடு கிழித்தார்கள்.

ஆஷ்லியின் வாதம் ஒப்பந்தத்திலிருந்து தொடங்கவே இல்லை. சமூகம் என்பது உறுப்புகள் ஒன்றையொன்று சார்ந்து நிற்கும் உடல் என்பது பழமைவாதப் பார்வை. மேலே இருப்பவருக்கு அதிகாரம் உண்டு. கீழே இருப்பவரைக் காக்கும் கடமையும் உண்டு. ஆலை அந்தக் கட்டமைப்பைக் குலைக்கிறது, தாயை வீட்டிலிருந்து பிரிக்கிறது, பக்தியையும் ஒழுக்கத்தையும் அரிக்கிறது என்று அவர் அஞ்சினார். உழைப்பவர்களைக் கைவிட்டால் கிளர்ச்சி வெடிக்கும் என்ற கவலையும் உடனிருந்தது. மேல் கீழ் வரிசையை ஒழிக்க அவர் விரும்பவில்லை. அந்த வரிசை நிலைக்க வேண்டுமென்றால் மேலே இருப்பவர் பொறுப்போடு நடக்க வேண்டும் என்றார்.

சோசலிஸ்டுகளும் இந்தச் சட்டத்தை வரவேற்றார்கள். 1864இல் மார்க்ஸ், சர்வதேசத் தொழிலாளர் சங்கத்தின் தொடக்க உரையில் இதைத் தொழிலாளி வர்க்கத்தின் பெரிய வெற்றியாகக் கொண்டாடினார். ஆனால் அவருடைய காரணம் ஆஷ்லியின் காரணத்துக்கு நேர் எதிரானது. ஆலை முதலாளிக்குச் சொந்தம். தொழிலாளியிடம் விற்க உழைப்பைத் தவிர வேறில்லை. வேலையை மறுத்தால் பட்டினி என்ற நிலையில் போடும் ஒப்பந்தம் எப்படிச் சுதந்திரமாகும்? முதலாளி கருணை காட்ட வேண்டும் என்பது அவர் கோரிக்கை அல்ல. உடைமை உறவே மாற வேண்டும். பத்து மணி நேரம் அந்த வழியில் ஒரு படி.

இந்த இடத்தில்தான் விடைத்தாளுக்கு உயிர் வருகிறது. "பழமைவாதிகளும் சோசலிஸ்டுகளும் அரசுத் தலையீட்டை ஆதரித்தனர்" என்று எழுதி நிறுத்தினால் அது தகவல். "சட்டம் வேண்டும் என்பதில் ஆஷ்லியும் சோசலிஸ்டுகளும் ஒன்றுபட்டனர், ஆனால் அவர் அடுக்குச் சமூகத்தைக் காப்பாற்ற அதைக் கேட்டார், அவர்களோ அந்த அடுக்கையே கலைக்கும் பாதையில் ஒரு படியாகக் கண்டனர், பிரைட்டுக்கோ அது தனிமனித ஒப்பந்தத்தின் மீதான அத்துமீறல்" என்று எழுதினால் அது ஒப்பீடு. மூன்றும் ஒரே வாக்கியத்தில், ஒரே அளவுகோலில் நிற்கின்றன. பிறகு சுதந்திரம், சமத்துவம், உடைமை என்று ஒவ்வொரு பத்திக்கும் ஓர் அளவுகோலை எடுத்து மூன்று கொள்கைகளையும் அதில் நிறுத்தலாம்.

அடுத்து வரும் சறுக்கல், ஒவ்வொரு கொள்கையையும் மாறாத ஒற்றைக் குரலாகக் காட்டுவது. 1844இல் பத்து மணி நேரக் கோரிக்கையைத் தடுத்து நிறுத்திய பிரதமர் ராபர்ட் பீல் பழமைவாதக் கட்சியின் தலைவர்தான். 1881இல் தாராளவாதச் சிந்தனையாளர் டி.எச்.கிரீன், பட்டினியில் இருப்பவனின் ஒப்பந்தத்தைச் சுதந்திரம் என்று சொல்லிவிட முடியாது, மனிதன் தன் ஆற்றலை வளர்த்துக்கொள்ளும் வாய்ப்பே சுதந்திரம் என்று வாதிட்டு, தொழிற்சாலைச் சட்டங்களை ஆதரித்தார். பிரைட்டும் கிரீனும் ஒரே மரபினர், முடிவு வேறு. சோசலிஸ்டுகளிலும், புரட்சி இல்லாமல் தேர்தலும் சட்டமுமே போதும் என்று பெர்ன்ஸ்டைன் 1899இல் எழுதி மார்க்ஸியர்களோடு மோதினார். 1980களில் தாட்சரின் பழமைவாதக் கட்சி சந்தைச் சுதந்திரத்தைத் தூக்கிப் பிடித்தபோது, அதன் பொருளாதாரக் குரல் ஆஷ்லியைவிடப் பிரைட்டுக்கு நெருக்கமாக ஒலித்தது.

அதற்காக மூன்றும் கலந்துவிட்டன என்று முடிப்பது அவசரம். கிரீன் அரசை அழைத்தது தனிமனிதன் வளர வேண்டும் என்பதற்காக. அவருக்கும் அளவுகோல் தனிமனிதன்தான். ஆஷ்லிக்கு அது சமூக ஒழுங்கு, மார்க்ஸுக்கு வர்க்கம். கொள்கைகள் எந்தச் சட்டத்தை ஆதரிக்கின்றன என்பது காலத்துக்கேற்ப மாறும். எதை மையமாக வைத்து யோசிக்கின்றன என்பது அவ்வளவு எளிதில் மாறாது. விடையின் முடிவுரை இந்த வேறுபாட்டைச் சொன்னால் கேள்விக்கு நேரான தீர்ப்பு கிடைத்துவிடும்.

பயிற்சிக்கு ஓர் உள்ளூர்ச் சம்பவமும் உண்டு. 2023 ஏப்ரல் 21 அன்று, சில தொழிற்சாலைகளில் நாளொன்றுக்கு 12 மணி நேரம் வரை வேலை செய்ய வழி திறக்கும் சட்டத் திருத்தம் தமிழ்நாடு சட்டப்பேரவையில் நிறைவேறியது. விரும்பும் தொழிலாளர்களுக்கு மட்டுமே இது பொருந்தும் என்று அரசுத் தரப்பு சொன்னது. தொழிற்சங்கங்களும் ஆளும் கட்சியின் தோழமைக் கட்சிகளும் எதிர்த்தன. மே நாளன்று அது திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். அந்த "விரும்பும்" என்ற சொல்லைப் பிரைட், ஆஷ்லி, மார்க்ஸ் மூவரும் எப்படி வாசித்திருப்பார்கள் என்று தேர்வுக்கு முன் ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள்.