துளை போட்டால் தெரிந்துவிடும்

அறிவியல் கண்காட்சி என்றால் இந்தச் சோதனை இருந்தே தீரும். டம்ளர் நிறையத் தண்ணீர், அதன் வாயில் ஒரு தபால் அட்டை. உள்ளங்கையால் அட்டையைத் தாங்கியபடி டம்ளரைக் கவிழ்த்துவிட்டுக் கையை எடுத்தால் அட்டை விழாது, தண்ணீரும் கொட்டாது. “காற்றழுத்தம்தான் காரணம்” என்று செய்து காட்டும் மாணவி சொல்லி முடிப்பாள். பார்ப்பவர்கள் தலையாட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போவார்கள். அவர்களில் ஒரு சிறுவனை நிறுத்தி, அட்டை ஏன் விழவில்லை என்று அவனுடைய சொந்தக் கருத்தைக் கேட்டுப் பாருங்கள். “ஈரத்துல ஒட்டிக்கிச்சு” என்பான். காற்றழுத்தம் என்பது தேர்வில் எழுத வேண்டிய விடை. ஈரத்தில் ஒட்டியது என்பதுதான் அவன் நம்புவது. இரண்டும் ஒரே தலைக்குள் சண்டையில்லாமல் குடியிருக்கின்றன.

இந்த இரண்டையும் நேருக்கு நேர் மோதவிடுவதற்கு ஒரு பாடமுறை உண்டு. சோதனையைச் செய்வதற்கு முன்பே என்ன நடக்கும், ஏன் நடக்கும் என்று மாணவர் எழுத வேண்டும். பிறகு சோதனையைப் பார்த்து, கண்ணில் பட்டதை எழுத வேண்டும். கடைசியாக, நினைத்ததும் நடந்ததும் ஏன் ஒத்துப்போயின அல்லது ஏன் முரண்பட்டன என்று விளக்க வேண்டும். ஊகி, கவனி, விளக்கு: மூன்றே படிகள். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் ஒயிட், ரிச்சர்ட் கன்ஸ்டோன் ஆகிய இருவரும் 1992இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக விளக்கினார்கள். இன்று உலகமெங்கும் அறிவியல் ஆசிரியர்கள் இதைக் கையாள்கிறார்கள்.

இதில் ‘எழுத வேண்டும்’ என்பது சடங்கு அல்ல. கை தூக்கச் சொன்னால், முதல் ரேங்க் எடுக்கும் பிள்ளையின் கை எந்தப் பக்கம் உயர்கிறது என்று பார்த்துத்தான் மற்றக் கைகள் உயரும். தாளில் எழுதிவிட்டால் அது அவரவர் பந்தயம். பார்த்ததையும் பேசுவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். ஏனென்றால் பிள்ளைகள், பெரியவர்களும்தான், எதிர்பார்த்ததைப் பார்த்ததாகவே சொல்வார்கள்.

சரி, டம்ளருக்கு வருவோம். பாடத்துக்கு கண்ணாடி டம்ளர் வேண்டாம், கெட்டியான பிளாஸ்டிக் டம்ளர் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அடியில், பழுக்கக் காய்ச்சிய கம்பியால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு துளை போடுங்கள். குண்டூசித் துளை போதாது. அவ்வளவு சிறிய துளையைத் தண்ணீரே படலமாக அடைத்துக்கொண்டு சோதனையைக் கெடுத்துவிடும். துளையை விரலால் மூடிக்கொண்டு தண்ணீர் நிரப்பி, அட்டை வைத்துக் கவிழ்த்தால், வழக்கம்போல் அட்டை நிற்கும். இப்போது ஆசிரியர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: “நான் விரலை எடுத்தா என்ன ஆகும்? எழுதுங்க.”

“ஈரத்துல ஒட்டிக்கிச்சு” என்ற பிள்ளை, நேர்மையாக யோசித்தால், ஒன்றும் ஆகாது என்றுதான் எழுத முடியும். துளை இருப்பது மேலே, ஈரம் இருப்பது கீழே. விரலை எடுத்ததும் அட்டையும் தண்ணீரும் தொப்பென்று கீழே வாளிக்குள் விழும். அட்டையின் ஈரம் அப்படியேதான் இருந்தது. மாறியது ஒன்றுதான்: மேலிருந்து காற்று உள்ளே வர வழி கிடைத்தது.

இந்த இடத்தில் பல ஆசிரியர்கள் அவசரப்பட்டு ஒரு கணக்கைச் சொல்வார்கள். கடல்மட்டத்தில் காற்று ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறக்குறைய ஒரு கிலோ எடைக்குச் சமமாக அழுத்துகிறது. 7 செ.மீ. அகலமுள்ள டம்ளர் வாயின் பரப்பு சுமார் 38 சதுர செ.மீ. ஆகவே காற்று அட்டையை மேல்நோக்கித் தள்ளும் விசை 40 கிலோ எடைக்குக் கிட்டத்தட்டச் சமம். உள்ளே 10 செ.மீ. உயரத்துக்கு நிற்கும் தண்ணீரோ அரை கிலோகூட இல்லை. கணக்கு சரிதான். ஆனால் கூர்மையான பிள்ளை ஒன்று விடாது: “பாதி டம்ளர் தண்ணி ஊத்தினாலும் நிக்குதே டீச்சர். அப்ப உள்ளே இருக்கிற காத்தும் அதே நாப்பது கிலோ கீழே தள்ளுமே?”

அருமையான கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் கடந்தால் பாடம் பொய்யாகிவிடும். பாதி டம்ளரில் உள்ளே 5 செ.மீ. தண்ணீர், அதற்கு மேல் 5 செ.மீ. காற்று. அந்தத் தண்ணீரைத் தாங்க, உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தம் வெளியே இருப்பதைவிட 200இல் ஒரு பங்கு குறைந்தால் போதும். அதற்கு உள்காற்று 200இல் ஒரு பங்கு விரிய வேண்டும்: கால் மில்லிமீட்டர் இடம். கையை எடுத்ததும் சில சொட்டுகள் கசிவதையும், அட்டை லேசாகக் கீழே பிதுங்குவதையும் கவனித்து எழுதிய பிள்ளை யாராவது வகுப்பில் இருப்பார். அந்தக் கால் மில்லிமீட்டர் அதுதான். ஆக, வேலை செய்வது 40 கிலோ அல்ல, உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள சிறு வித்தியாசம். ஈரம் பற்றிச் சொன்ன பிள்ளையும் முழுக்கத் தவறில்லை. அட்டையின் விளிம்பில் உள்ள நீர்ப்படலம் காற்று உள்ளே புகாமல் அடைக்கிறது. அது தண்ணீரைத் தூக்கி நிறுத்தவில்லை, கதவைச் சாத்தி வைக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்தது ஸ்ட்ரா. இளநீரை ஸ்ட்ரா வழியாக மேலே கொண்டுவருவது எது என்று கேட்டால் எல்லாரும் “நாமதான் இழுக்கிறோம்” என்பார்கள். வழக்கமாகச் செய்யும் சோதனை இது: இரண்டு ஸ்ட்ராக்களை வாயில் வைத்து, ஒன்றைத் தண்ணீருக்குள்ளும் மற்றதை டம்ளருக்கு வெளியிலும் விட்டு உறிஞ்ச வேண்டும். தண்ணீர் வராது. வெளி ஸ்ட்ராவின் நுனியை விரலால் அடைத்தால் வந்துவிடும். வேடிக்கையாக இருக்கும். ஆனால் இது மட்டும் போதாது என்பது என் கருத்து. “இழுக்கிற சக்தி அந்த ஓட்டை வழியா வீணாப் போகுது” என்று சொல்லிப் பிள்ளைகள் தங்கள் பழைய நம்பிக்கையைக் காப்பாற்றிக்கொள்வார்கள். தர்க்கப்படி அதில் தவறு சொல்ல முடியாது.

அந்த நம்பிக்கையை அசைக்க மூடிய பாட்டில் வேண்டும். கண்ணாடி பாட்டில் ஒன்றில் விளிம்புவரை தண்ணீர் நிரப்பி, மூடியில் துளையிட்டு ஒரு ஸ்ட்ராவைச் செருகி, சுற்றிலும் களிமண்ணோ மெழுகோ வைத்து இடைவெளியில்லாமல் அடைக்க வேண்டும். ஸ்ட்ராவில் ஓட்டை இல்லை, எதுவும் கசியவில்லை. வகுப்பிலேயே பலசாலியைக் கூப்பிட்டு உறிஞ்சச் சொல்வதற்கு முன், தாளில் ஊகத்தை எழுதச் சொல்லுங்கள். அவன் கன்னம் ஒட்ட உறிஞ்சியும் ஒரு வாய் தண்ணீர்கூட வராது. மூடியில் இன்னொரு துளை போட்டால் தாராளமாக வரும். இழுப்பு இரண்டு முறையும் ஒன்றுதான். இரண்டாம் முறை மட்டுமே வெளிக்காற்றுக்குத் தண்ணீரின் மேல் அழுத்த வழி இருந்தது. வாய் செய்வது ஸ்ட்ராவுக்குள் அழுத்தத்தைக் குறைப்பது மட்டும்தான். தண்ணீரை மேலே ஏற்றுவது வெளிக்காற்று.

இதில் அடிக்கடி நேரும் கோளாறுகள் இரண்டு. மெல்லிய பிளாஸ்டிக் பாட்டில் வைத்தால் உறிஞ்ச உறிஞ்ச அது ஒடுங்கிக்கொடுத்துத் தண்ணீரை அனுப்பிவிடும். பாட்டில் நிரம்பாமல் மேலே காற்று இருந்தாலும், அது விரிந்து கொஞ்சம் தண்ணீர் வரும். ஸ்ட்ரா ஆளுக்கொன்று என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பிள்ளைகளின் ‘இழுப்பு’ நம்பிக்கையைக் கண்டு சிரிக்கவும் கூடாது. உறிஞ்சு பம்புகள் சுமார் 10 மீட்டருக்கு மேல் தண்ணீரை ஏற்ற மறுப்பதைக் கலிலியோ தம் 1638ஆம் ஆண்டு நூலில் குறிப்பிடுகிறார். நீர்த்தம்பம் தன் எடை தாங்காமல் அறுந்துவிடுகிறது என்று அவர் கருதினார். இழுப்பதாகத்தான் அவரும் நினைத்தார். வெளிக்காற்றின் எடைதான் தள்ளுகிறது என்று டாரிசெல்லி 1644இல் பாதரசக் குழாயை வைத்து விளக்கிய பிறகுதான் அந்த 10 மீட்டருக்குக் காரணம் புரிந்தது.

மூன்றாவது, பலூன். ஒரு லிட்டர் பாட்டிலின் உள்ளே பலூனைத் தொங்கவிட்டு, அதன் வாயைப் பாட்டிலின் வாயில் மாட்டி ஊதச் சொன்னால் பலூன் கொஞ்சம் புடைத்து நின்றுவிடும். உள்ளே ஏற்கெனவே காற்று இருக்கிறது, அது போக வழியில்லை. பாட்டிலின் அடிப்பக்கத்தில் துளை போட்டால் பலூன் தாராளமாக ஊதிப் பெருக்கும். இதுவரை பெரும்பாலான பிள்ளைகள் சரியாகவே ஊகித்துவிடுவார்கள். இனிமேல்தான் விஷயம். பலூன் முழுதாக ஊதியிருக்கும்போது துளையை விரலால் அடைத்து, வாயை எடுத்தால்? பலூனின் வாய் அகலத் திறந்திருக்கிறது. சுருங்கிவிடும் என்றே எல்லாரும் எழுதுவார்கள்.

சுருங்காது. உள்ளே எட்டிப் பார்க்கலாம், தண்ணீர்கூட ஊற்றலாம். வாய் திறந்த பலூன் புடைத்தபடியே நிற்கும்.

டம்ளரில் நடந்ததுதான் இங்கேயும். ரப்பர் சுருங்கத் துடிக்கிறது. கொஞ்சம் சுருங்கியதுமே, பலூனுக்கும் பாட்டிலுக்கும் இடையில் மாட்டிய காற்றுக்கு இடம் கூடி அழுத்தம் குறைகிறது. திறந்த வாய் வழியாக அறைக்காற்று முழு அழுத்தத்தோடு உள்ளிருந்து தள்ளுகிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ரப்பரின் இழுவைக்குச் சமமானதும் பலூன் நின்றுவிடுகிறது. பாட்டில் மெல்லியதாக இருந்தால் அதன் பக்கவாட்டு லேசாக உள்வாங்குவது தெரியும். அழுத்தம் குறைந்திருப்பதற்குக் கண்கண்ட அடையாளம் அது. விரலை எடுத்தால் புஸ்ஸென்று சுருங்கிவிடும்.

மூன்றாம் படியான விளக்கத்தில் ஆசிரியர் வாயைக் கட்டிக்கொள்வது கடினம். ஆனாலும் முதல் பத்து நிமிடம் கட்டிக்கொள்ளத்தான் வேண்டும். ‘காற்றழுத்தம்’ என்ற சொல்லை மட்டும் எழுதிவைத்த தாளை விளக்கமாக ஏற்கக் கூடாது. எந்த இடத்துக் காற்று, எதைத் தள்ளுகிறது, எதிர்ப்பக்கம் அழுத்தம் ஏன் குறைந்தது என்ற மூன்றும் அந்த வாக்கியத்தில் இருக்க வேண்டும்.

பாடம் மனதில் நின்றதா என்று பார்க்க, புதிதாக ஒன்றைக் கொடுங்கள். பலூனைக் கைமுட்டி அளவுக்கு ஊதி, விளிம்பை நனைத்த இரண்டு பிளாஸ்டிக் கப்களை இருபக்கமும் அழுத்திப் பிடித்தபடி மேலும் பெரிதாக ஊதினால், கையை விட்டாலும் கப்கள் பலூனைப் பற்றிக்கொண்டு நிற்கும். பலூன் பெருக்கும்போது, கப்புக்குள் பிதுங்கியிருந்த அதன் வளைவு தட்டையாகிறது. கப்புக்குள் இருக்கும் காற்றுக்கு இடம் கூடி, அழுத்தம் குறைகிறது. இதை நீங்கள் சொல்லாமல், அதே கப்பின் அடியில் துளையிட்டால் என்ன ஆகும் என்று மட்டும் கேளுங்கள். ஒட்டாது என்று காரணத்தோடு எழுதும் பிள்ளைக்குக் காற்றழுத்தம் புரிந்துவிட்டது.