43 வினாடி துண்டிப்பு, 24 மணி நேரத் தடுமாற்றம்: சர்வர்கள் தலைவரை எப்படித் தேர்ந்தெடுக்கின்றன?

2018 அக்டோபர் 22ஆம் தேதி, மலேசிய நேரப்படி காலை மணி 6.52. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் பழுதடைந்த ஓர் ஒளியிழைக் கருவியை மாற்றும் வழக்கமான பராமரிப்பு வேலை நடந்துகொண்டிருந்தது. அப்போது கிட்ஹப் நிறுவனத்தின் முக்கியத் தரவு மையத்திற்கான இணைப்பு அறுந்தது. 43 வினாடிகளில் அது மீண்டும் வந்துவிட்டது. ஆனால் உலகெங்கும் மென்பொருள் எழுதுவோர் நம்பியிருக்கும் அந்தத் தளம் முழுமையாகச் சீரடைய 24 மணி நேரம் 11 நிமிடம் பிடித்தது.

அந்த 43 வினாடிக்குள் கணினிகள் தங்களுக்குள் ஒரு தேர்தலை நடத்தி முடித்திருந்தன. விதிப்படி நடந்த தேர்தல்தான். பிறகு ஏன் சிக்கல்? அதைப் புரிந்துகொள்ள, தேர்தல் நடக்கும் விதத்தை முதலில் பார்க்க வேண்டும்.

ஏன் ஒரு தலைவர்?

வங்கிக் கணக்கு போன்ற முக்கியமான பதிவை ஒரே சர்வரில் வைத்தால், அது பழுதாகும் நாளில் எல்லாமே நின்றுவிடும். அதனால் ஒரே பதிவைப் பல சர்வர்களில் நகலெடுத்து வைப்பார்கள். ஆனால் எல்லாச் சர்வர்களும் தன் விருப்பத்திற்கு எழுதினால் கணக்கு முரண்படும். ஆகவே ஒன்று தலைவராக இருந்து பதிவுகளை வாங்கி வரிசைப்படுத்தும். மற்றவை அதைப் பின்பற்றி எழுதிக்கொள்ளும்.

தலைவர் செயலிழந்தால் அடுத்தவரை மனிதத் தலையீடு இல்லாமல் தேர்ந்தெடுக்கப் பல முறைகள் உள்ளன. அவற்றில் இன்று பரவலாகப் பயன்படுவது 'ராஃப்ட்'. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டியேகோ ஒங்காரோவும் ஜான் ஊஸ்டர்ஹவுட்டும் 2014இல் இதை வெளியிட்டனர்.

தேர்தல் நடக்கும் விதம்

அ, ஆ, இ, ஈ, உ என்று ஐந்து சர்வர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அ தலைவர். நாடாளுமன்றத்திற்குத் தவணை இருப்பதுபோல் இங்கும் ஒவ்வொரு தலைமைக்கும் ஒரு தவணை எண் உண்டு. இப்போது நடப்பது 4ஆம் தவணை.

அ இடைவிடாமல் "நான் இருக்கிறேன்" என்று மற்ற நான்குக்கும் சிறு செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு சர்வரும் அந்தச் செய்திக்காகக் குறிப்பிட்ட நேரம்தான் காத்திருக்கும். அந்த நேரம் எல்லாருக்கும் ஒன்றல்ல. 150 முதல் 300 மில்லிவினாடிக்குள் குலுக்கல்போல் அமையும். ஆ 210, இ 160, ஈ 280, உ 245 என்று அமைந்ததாகக் கொள்வோம்.

திடீரென்று அ நின்றுபோகிறது. 160 மில்லிவினாடியில் இ தான் முதலில் பொறுமை இழக்கிறது. அது தவணை எண்ணை 5 ஆக உயர்த்தி, தனக்கே ஓர் ஓட்டுப் போட்டுக்கொண்டு, மற்றவர்களிடம் ஓட்டுக் கேட்கிறது. ஒரு தவணையில் ஒரு சர்வருக்கு ஓர் ஓட்டுதான். யாருக்குப் போட்டோம் என்பதை வட்டில் எழுதி வைத்த பிறகே பதில் அனுப்ப வேண்டும். இடையில் மின்சாரம் போய் வந்தாலும் இரண்டாம் முறை போட முடியாது. ஆவும் ஈயும் ஓட்டுப் போடுகின்றன. ஐந்தில் மூன்று கிடைத்துவிட்டது. இ தலைவராகி, தன் இருப்பை உடனே மற்றவர்களுக்கு அறிவிக்கிறது.

ஆவும் இயும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் எழுந்திருந்தால்? உயிரோடு இருக்கும் நான்கு ஓட்டுகளும் இரண்டு இரண்டாகப் பிரியலாம். யாருக்கும் மூன்று கிடைக்காது. அந்தத் தவணை தலைவர் இல்லாமலே முடியும். மீண்டும் புதிய குலுக்கல், 6ஆம் தவணை. காத்திருப்பு நேரம் வேறுபடுவதால் பெரும்பாலும் அடுத்த சுற்றிலேயே ஒருவர் முந்திவிடுவார்.

பழைய தலைவர் சாகாமல் இருந்தால்

கடினமான கேள்வி இதுதான். அ பழுதாகவில்லை, கம்பிதான் அறுந்தது. ஒரு பக்கம் அ, ஆ. மறு பக்கம் இ, ஈ, உ. தான் இன்னும் தலைவர் என்றே அ நினைத்துக்கொண்டிருக்கிறது. அந்நேரம் ஒருவர் 50 வெள்ளி அனுப்பச் சொல்லி அவிடம் கேட்கிறார்.

அ அதைத் தன்னிடம் எழுதி ஆவுக்கும் அனுப்புகிறது. இரண்டு நகல்தான். பெரும்பான்மைக்கு மூன்று வேண்டும். எனவே "பணம் போய்விட்டது" என்று அ சொல்லவே முடியாது. மறு பக்கம் மூன்று சர்வர்கள் கூடி 5ஆம் தவணைக்கு இயைத் தேர்ந்தெடுக்கின்றன. இணைப்பு திரும்பியதும் 5 என்ற எண்ணைக் கண்டு அ தானாகவே பதவி விலகுகிறது. உறுதி செய்யப்படாத அந்த 50 வெள்ளிப் பதிவும் அழிகிறது. அனுப்பியவர் மறுபடி முயல வேண்டியதுதான்.

உறுதி செய்யப்பட்ட பதிவு மட்டும் தொலையாது. அது குறைந்தது மூன்று சர்வர்களில் இருக்கும். புதிய தலைவருக்கும் மூன்று ஓட்டுகள் வேண்டும். ஐந்து பேரில் இரண்டு மும்மூன்று குழுக்கள் அமைத்தால் ஒருவராவது இரண்டிலும் இருந்தே தீருவார். தன்னைவிடப் பின்தங்கிய பதிவு வைத்திருக்கும் வேட்பாளருக்கு அவர் ஓட்டுப் போட மாட்டார்.

இதே காரணத்தால்தான் சர்வர்களை ஒற்றைப்படையில் வைக்கிறார்கள். ஐந்தில் இரண்டு போனாலும் வேலை நடக்கும். நான்கு வைத்தாலும் பெரும்பான்மைக்கு மூன்று வேண்டும்; ஒன்றை மட்டுமே இழக்கலாம். அது மூன்று சர்வர் வைப்பதற்குச் சமம்தான்.

எவ்வளவு காத்திருப்பது?

காத்திருப்பு நீண்டால் தலைவர் இல்லாத நேரம் நீளும். மிகக் குறைத்தால், மெதுவான வட்டு ஒரு கணம் திணறினாலே தலைவர் இறந்துவிட்டார் என்று வீண் தேர்தல் வரும். 'எட்சிடி' என்ற பிரபலமான மென்பொருள் தலைவரின் செய்திக்கு 100 மில்லிவினாடியும், தேர்தலுக்கு 1,000 மில்லிவினாடியும் இயல்பாக வைத்திருக்கிறது. தலைவர் எத்தனை முறை மாறினார் என்பதை அதன் `etcd_server_leader_changes_seen_total` எண்ணிக்கை காட்டும். யாரும் சர்வரை நிறுத்தாமலே அது ஏறிக்கொண்டிருந்தால், வட்டையோ இணைப்பையோ சோதிக்க வேண்டும்.

கிட்ஹப்பில் நடந்தது

அங்கே தலைமையை முடிவு செய்த மென்பொருள் ராஃப்ட் முறையைத்தான் பயன்படுத்தியது. துண்டிப்பின்போது மேற்குக் கரையில் இருந்தவையும் வேறிடத்தில் இருந்தவையும் பெரும்பான்மையாகக் கூடி, தரவுத்தளத்தின் தலைமையை மேற்குக்கு மாற்றின.

ஆனால் தரவுத்தளப் பதிவுகள் அந்தப் பெரும்பான்மை விதிக்குள் வரவில்லை. கிழக்கு எழுதியவுடனே "சரி" என்று சொல்லிவிடும். நகல் பிறகுதான் மேற்குக்குப் போகும். அதனால் கடைசிச் சில வினாடிகளின் பதிவுகள் கிழக்கில் மட்டும் தங்கிவிட்டன. அதிகப் பயன்பாடுள்ள தரவுத்தளங்களில் ஒன்றில் மட்டும் அப்படி 954 பதிவுகள். அதற்குள் மேற்கிலும் புதிய பதிவுகள் சேர்ந்துவிட, இரண்டு பக்கமும் மற்றதிடம் இல்லாத பதிவுகள். தளத்தை விரைவில் திறப்பதைவிடப் பதிவுகளைக் காப்பதே முக்கியம் என்று பொறியாளர்கள் முடிவு செய்தனர். காப்பு நகலிலிருந்து மீட்டு, இரு பக்கத்தையும் ஒத்திசைக்கத்தான் அவ்வளவு நேரம் ஆனது.

தலைவரை மட்டும் பெரும்பான்மை ஓட்டில் தேர்ந்தெடுத்தால் போதாது. ஒவ்வொரு பதிவும் அதே பெரும்பான்மையின் கையில் சேர்ந்த பிறகே "சரி" என்று சொல்லப்பட வேண்டும்.